இல்லாத அனார்கலிக்கு ஒரு புகார்க் கடிதம்

மதிப்பிற்குரிய குறைதீர்ப்பு அலுவலர் அவர்களுக்கு,

பெயர் போட்டு எழுதத்தான் ஆசை. ஆனால் உங்கள் தளத்தை எவ்வளவு உருட்டிப் பார்த்தும் உங்கள் பெயர் கிடைக்கவில்லை. குறைதீர்ப்பு அலுவலரின் பெயர், பதவி, தொடர்பு விவரம் மூன்றையும் தளத்தில் போட்டாக வேண்டும் என்கின்றன 2020ஆம் ஆண்டின் மின்வணிக விதிகள். நீங்கள் பதவியை மட்டும் போட்டிருக்கிறீர்கள். உடையைப் போலவே நீங்களும் படத்தில் மட்டும் இருப்பவரோ என்று சந்தேகம் வந்தது. இருந்தாலும், இருக்கிறீர்கள் என்றே நம்பி எழுதுகிறேன்.

நான் ஈரோட்டுக்காரி. திங்கட்கிழமை இரவு விடிய விடிய ஜவுளிச் சந்தை கூடுகிற ஊரில் இருந்துகொண்டு ஆன்லைனில் துணி வாங்கினாயா என்று பக்கத்து வீடுகளில் கேட்டாயிற்று. நீங்களும் கேட்க வேண்டாம். என் தம்பி கல்யாண ரிசப்ஷனுக்கு மகள் போட்டுக்கொள்ள வேண்டி ஒரு மரூன் நிற அனார்கலி வாங்கினேன். அதற்குக் காரணம் உங்கள் படம்.

அந்தப் படத்தை ஒருமுறை உங்களுக்கே நினைவுபடுத்துகிறேன். ஒரு கோயில் மண்டபம். தூண்களுக்கு நடுவே ஒரு பெண் பாதி திரும்பி நிற்கிறாள். அனார்கலியின் விரிவு கல்தரையில் வட்டமாகப் படர்ந்து கிடக்கிறது. யோக் முழுக்க ஆரி வேலை, அதில் முத்தும் ஜரிகையும். கீழ் பார்டரைச் சுற்றி மயில்கள். துப்பட்டா காற்றில் எழும்பி நிற்கிறது. மேலே "74% தள்ளுபடி". 4,999 ரூபாயின் மேல் கோடு கிழித்து, பக்கத்தில் 1,299. அதற்கும் கீழே சிவப்பு எழுத்தில் "இன்னும் 2 மட்டுமே உள்ளது".

பார்சலில் வந்ததைச் சொல்கிறேன். கைக்கு வழுக்குகிற மெல்லிய பாலியஸ்டர் துணியில் நேராக இறங்குகிற ஒரு நைட்டி. அதை நைட்டி என்றால் எங்கள் தெருவில் வண்டியில் வைத்து விற்கிற நைட்டிக்காரர் கோபித்துக்கொள்வார். அவர் துணி பருத்தி. மரூன் என்றீர்கள், வந்தது பீட்ரூட் வேகவைத்த தண்ணீர் நிறம். லைனிங் இல்லை. ஓவர்லாக் பாதியில் நின்று, நூல் தொங்குகிறது.

ஆரி வேலை எங்கே என்று தேடினேன். இருந்தது, அச்சாக. முத்தை அச்சடித்திருக்கிறார்கள். ஜரிகையை மஞ்சள் மையால் அச்சடித்திருக்கிறார்கள். ஒவ்வொரு முத்துக்கும் அடியில் விழுகிற நிழலையும் மறக்காமல் அச்சடித்திருக்கிறார்கள். வெயிலில் பிடித்தாலும் அந்த நிழல் நகர மாட்டேன் என்கிறது. துணியைத் திருப்பினால் உள்பக்கம் வெளுத்துக் கிடக்கிறது. ஆரி போட்ட துணியின் உள்பக்கம் எப்படி இருக்கும் என்று தைக்கிறவர்களைக் கேளுங்கள். முடிச்சும் நூலோட்டமும் கையில் தட்டும், லைனிங் இல்லாவிட்டால் உடம்பில் உறுத்தும். இதில் உறுத்துவது என் மனசு மட்டும்தான்.

எங்கள் தெருமுனையில் தையல் கடை வைத்திருக்கும் அக்காவிடம் இரண்டையும் கொண்டுபோனேன், துணியைக் கையிலும் படத்தை போனிலுமாக. அவர் துணியைத் தொடக்கூட இல்லை. படத்தை விரலால் பெரிதாக்கிப் பார்த்துக்கொண்டே இருந்தார்.

"ஏங்கண்ணு, இந்தப் புள்ள இதுக்குள்ள எப்படிப் போனா?"

எனக்கு விளங்கவில்லை.

"பாரு, கழுத்து ஒட்டி இருக்குது. முன்னால பட்டன் இல்ல. முதுகுப் படத்துல ஜிப்பும் இல்ல, ஹூக்கும் இல்ல. பக்கத்துலயும் ஓப்பனிங் இல்ல. தலை எதுல நுழையும்?"

பிறகு ஒவ்வொன்றாகக் காட்டினார். தோளும் கையும் சேருகிற இடத்தில் தையல் கோடே இல்லை, துணி அப்படியே வழிந்து கையாகிவிடுகிறது. முன்பக்கப் படத்தில் கையில் ஐந்து ஜரிகைப் பட்டை, பின்பக்கப் படத்தில் அதே கையில் ஏழு. மயில் பார்டரில் ஒரு மயில் போல இன்னொன்று இல்லை. தறியிலோ எம்ப்ராய்டரி மிஷினிலோ போட்டிருந்தால் ஒரே டிசைன் திரும்பத் திரும்ப வரும். கையால் போட்டிருந்தாலும் ஒரே அச்சுத்தாளை வைத்துத்தான் வரைந்திருப்பார்கள். இங்கே நாலாவது மயில் பாதியிலேயே பூவாக மாறிவிடுகிறது. துப்பட்டாவின் ஒரு முனை பெண்ணின் கூந்தலோடு கலந்துபோகிறது. எது முடி, எது நூல் என்று சொல்ல முடியாது. மண்டபத்துத் தூணில் ஒரு கல்வெட்டு வேறு. தமிழ் மாதிரிதான் இருக்கிறது. நம் 247 எழுத்தில் ஒன்றுகூட அதில் இல்லை.

"இது யாரும் தைச்சது இல்ல கண்ணு. கம்ப்யூட்டர் வரைஞ்சது" என்று போனைத் திருப்பிக் கொடுத்தார்.

அவர் ஒரு கணக்கும் போட்டுக் காட்டினார். இது உங்களுக்கும் பயன்படும். படத்தில் உள்ளபடி தரையில் வட்டமாகப் படர வேண்டுமென்றால் அது முழு அம்பர்லா கட்டிங். இடுப்பு 30 அங்குலம் என்றால் நடு வட்டத்தின் ஆரம் ஐந்து அங்குலத்துக்குச் சற்றுக் குறைவு. இடுப்பிலிருந்து பாதம் வரை நீளம் 42. ஆக, கீழ் விளிம்பு 47 அங்குல ஆரமுள்ள வட்டம். அதன் சுற்றளவு 295 அங்குலம், ஏழரை மீட்டர். 44 அங்குல அகலத் துணியில் இதைப் பேனல் பேனலாக வெட்டினால் பாவாடைப் பகுதிக்கே ஐந்து மீட்டர் பக்கம் பிடிக்கும். யோக், கை, லைனிங், துப்பட்டா எல்லாம் தனி. மீட்டர் 200 ரூபாய் என்று வைத்தாலும் கீழ்ப்பகுதித் துணி மட்டும் 1,000. ஆரி வேலைக்காரரின் கூலியைப் பற்றி நாங்கள் பேசவே இல்லை. வந்த துணியின் கீழ் விளிம்பை இஞ்ச் டேப் வைத்து அளந்தோம். 84 அங்குலம்.

இங்கே உங்கள் வாடிக்கையாளர் சேவைப் பெண் போனில் சொன்ன பதிலைக் குறிப்பிட்டாக வேண்டும். "மேடம், ஆயிரத்து முந்நூறு ரூபாய்க்கு இந்தக் குவாலிட்டிதானே எதிர்பார்க்க முடியும்" என்றார். பாவம், அவர் மேல் எனக்குக் கோபமில்லை. எழுதிக் கொடுத்ததைப் படிக்கிறார். எழுதிக் கொடுத்தவரிடம் கேட்கிறேன். இதன் மதிப்பு 4,999 என்று சொன்னது யார்? நானா? விற்கும்போது ஐயாயிரம் ரூபாய்ப் பொருள், புகார் வந்தால் ஆயிரம் ரூபாய்ப் பொருள் என்றால், இரண்டில் ஒன்று பொய். எது பொய் என்று நீங்களே தேர்ந்தெடுத்துச் சொல்லுங்கள், அதன்படியே வழக்கு எழுதிக்கொள்கிறேன். குறைந்த விலைக்கு வாங்குகிறவளுக்கு உண்மை கேட்க உரிமை இல்லை என்று எந்தச் சட்டத்தில் இருக்கிறது? பணம் படைத்தவர்கள் கடைக்குப் போய்த் தொட்டுப் பார்த்து, தையல்காரரை வீட்டுக்கு வரவழைக்கிறார்கள். படத்தை நம்பி வாங்குகிறவர்கள் பெரும்பாலும் என்னைப் போன்றவர்கள்தான். அதனால்தான் படம் எங்களுக்கு, துணி அவர்களுக்கு.

சரி, திருப்பிக் கொடுத்துவிடலாம் என்று "படத்தில் உள்ளது போல் இல்லை" என்ற காரணத்தைத் தட்டினேன். ரிட்டர்ன் எடுக்க ஒரு தம்பி வந்தார். வெயிலில் வந்த பையன், தண்ணீர் கொடுத்தேன். குடித்துவிட்டுப் பையைப் பிரித்தார், போனைத் திறந்தார். உங்கள் ஆப் அவருக்கு ஒரு படத்தைக் காட்டியது. அதே மண்டபம், அதே பெண், அதே விரிவு. அவர் படத்தைப் பார்த்தார், துணியைப் பார்த்தார், மறுபடி படத்தைப் பார்த்தார்.

"அக்கா, இத எடுக்க முடியாதுங்க்கா."

"ஏன் தம்பி?"

"படத்துல இருக்கறது வேற, நீங்க குடுக்கறது வேறங்க்கா. மேட்ச் ஆகலைன்னா எடுக்கக் கூடாதுன்னு போட்டிருக்காங்க. எடுத்துட்டுப் போனா என் சம்பளத்துல புடிப்பாங்க."

"அதத்தானப்பா நானும் சொல்றேன். படத்துல இருக்கறது வேற, எனக்கு வந்தது வேற."

"ஆமாங்க்கா, கரெக்ட்டுங்க்கா. ஆனா எடுக்க முடியாதுங்க்கா."

அன்று சாயங்காலமே உங்களிடமிருந்து குறுஞ்செய்தி: "தரப் பரிசோதனையில் பொருள் பொருந்தாததால் உங்கள் ரிட்டர்ன் நிராகரிக்கப்பட்டது."

ஐயா, அம்மா, யாராக இருந்தாலும் சற்று நின்று யோசியுங்கள். உங்கள் கம்பெனியில் தரப் பரிசோதனை என்று ஒன்று இருக்கிறது. அது கறாராக வேலை செய்கிறது. படத்துக்கும் துணிக்கும் சம்பந்தமில்லை என்று சம்பளத்துக்குப் பயந்த ஒரு பையன் என் வாசலில் அரை நிமிஷத்தில் கண்டுபிடித்துவிட்டார். இதே பரிசோதனையைத் துணி உங்கள் கிடங்கிலிருந்து கிளம்பும்போது செய்திருந்தால் அது கிளம்பியே இருக்காது. ஆனால் உங்கள் நிறுவனத்தில் நேர்மை எதிர்த்திசையில் மட்டும் ஓடுகிறது. வரும் சரக்குக்குச் சோதனை, போகும் சரக்குக்கு ஆசீர்வாதம். என் புகாரை நிரூபிக்க எனக்கு வேறு சாட்சி வேண்டாம். உங்கள் குறுஞ்செய்தியையே அச்செடுத்து இத்துடன் வைத்திருக்கிறேன். பொருந்தவில்லை என்று எழுதிக் கொடுத்ததற்கு நன்றி.

இனி உங்கள் பொறுப்புத்துறப்பு வரிகள். பக்கத்தின் அடியில், எறும்பு படிக்கிற அளவில், இரண்டு இருக்கின்றன. முதலாவது: "படப்பிடிப்பின்போது உள்ள ஒளியமைப்பால் நிறம் சற்று மாறுபடலாம்." எந்தப் படப்பிடிப்பு? எந்த ஒளி? விளக்குப் பிடித்தது யார்? அந்த மண்டபம் எந்த ஊரில் இருக்கிறது, சொல்லுங்கள், ஒரு நடை போய்க் கும்பிட்டுவிட்டு வருகிறேன். நடக்காத படப்பிடிப்பின் மேல், எரியாத விளக்கின் மேல் பழியைப் போடுகிறீர்கள். இரண்டாவது: "படங்கள் விளக்கத்துக்காக மட்டுமே." நல்லது. எங்கள் ஊர் மளிகைக் கடையில் பணம் அனுப்பியதுபோல் ஒரு ஸ்கிரீன்ஷாட்டைத் தயாரித்துக் காட்டிவிட்டு, "படம் விளக்கத்துக்காக மட்டுமே" என்று சொன்னால் போலீஸைக் கூப்பிடுவார்கள். அந்த மாதிரி ஆட்களுக்குப் பயந்துதான் கடைக்குக் கடை பணம் வந்ததைச் சத்தம் போட்டுச் சொல்லும் பெட்டியை வைத்திருக்கிறார்கள். துணி வாங்குகிறவர்களுக்கு அப்படி ஒரு பெட்டி இன்னும் வரவில்லை.

ஜவுளி விளம்பரத்தில் பொய் புதிதல்ல, எனக்குத் தெரியும். கடைப் பொம்மைக்குப் பின்னால் பின் குத்தி இடுப்பை ஒடுக்குவார்கள். மாடல் பெண்ணின் முதுகில் கிளிப் போட்டிருப்பார்கள். விளக்கைக் கூட்டிப் பருத்தியைப் பட்டாக்குவார்கள். அந்தப் பொய்யிலெல்லாம் ஒரு நாணயம் இருந்தது. ஒரு துணியாவது இருந்தது. யாரோ ஒருவர் வெட்டி, ஒருவர் தைத்து, ஒருவர் இஸ்திரி போட்டு, ஒரு பெண் அதைப் போட்டு வெயிலில் நின்று, ஒருவர் கேமராவைப் பிடித்தால்தான் பொய் சொல்லவே முடியும். இத்தனை பேருக்கும் கூலி போயிற்று. இப்போது முதலில் படம் பிறக்கிறது. ஆர்டர் விழுந்த பிறகு, அந்தப் படத்தை எவனாவது போனில் பார்த்து, எது மலிவோ அந்தத் துணியில், எத்தனை குறைவோ அத்தனை அங்குலத்தில் ஒன்றைத் தைத்துப் பொட்டலம் கட்டுகிறான். நான் வாங்கிய அனார்கலி உலகத்தில் ஒருபோதும் இருந்ததில்லை. இல்லாத ஒன்றில்தான் "இன்னும் 2 மட்டுமே உள்ளது" என்று என்னை அவசரப்படுத்தினீர்கள். பொய் அவசரம் காட்டி விற்பதை 2023ஆம் ஆண்டிலேயே அரசு வழிகாட்டுதல் போட்டுத் தடுத்திருக்கிறது.

வெளிநாட்டிலும் இது நடக்கிறதே என்பீர்கள். நடக்கிறது. 2025 ஆகஸ்ட் மாத அமெரிக்க வோக் இதழில் ஒரு பெரிய உடை நிறுவனத்தின் விளம்பரத்தில் வந்த பெண், கம்ப்யூட்டர் உருவாக்கிய பெண். அதற்கே உலகம் முழுக்கத் திட்டு விழுந்தது. அங்கே ஓரத்தில் சின்ன எழுத்திலாவது இது செயற்கை நுண்ணறிவால் செய்தது என்று ஒரு வரி இருந்தது. உங்களிடம் அந்த வரிக்கும் பஞ்சம்.

நியாயமாக ஒன்றைச் சொல்ல வேண்டும். படத்தோடு பொருந்துகிற ஓர் இடம் என் துணியில் இருக்கிறது. கீழ் பார்டரில் இடது பக்கம் ஒரு மயிலுக்கு மூன்று கால். படத்திலும் மூன்று கால், துணியிலும் மூன்று கால். கம்ப்யூட்டர் தப்பாக வரைந்ததை மட்டும் அட்சரம் பிசகாமல் அச்சடித்துத் தந்திருக்கிறீர்கள். உங்கள் ரிட்டர்ன் தம்பியிடம் அந்த மயிலைக் காட்டியிருக்க வேண்டும். விட்டுவிட்டேன்.

விமர்சனங்களைப் படித்துவிட்டு வாங்கியிருக்கலாமே என்று அடுத்து சொல்வீர்கள். படித்தேன். "சூப்பர்", "நைஸ்", "படத்தில் இருப்பது போலவே உள்ளது" என்று ஐந்து நட்சத்திரம். அதில் ஒருவர்கூட போட்டோ போடவில்லை. போட்டோ போட்டிருந்த ஒரே ஒரு அம்மா ஒற்றை நட்சத்திரம் கொடுத்திருந்தார், கடைசிப் பக்கத்தில். அவர் பீட்ரூட் நிற நைட்டியைக் கொடியில் காயப்போட்டுப் படம் எடுத்திருந்தார். உங்கள் தளம் முழுக்க உண்மையான படம் அது ஒன்றுதான். இதைப் படிக்கும் மற்ற வாடிக்கையாளர் யாராவது இருந்தால் கேட்டுக்கொள்ளுங்கள்: முதலில் அந்த ஒற்றை நட்சத்திரக்காரரைத் தேடுங்கள். பிறகு படத்தைப் பெரிதாக்கி ஜிப்பைத் தேடுங்கள். முன்பக்கம், பின்பக்கம் இரண்டிலும் பட்டைகளை எண்ணுங்கள்.

சட்டம் பேசுகிறேன் என்று நினைக்க வேண்டாம். ஆனால் நீங்கள் பேச்சை நிறுத்திவிட்டதால் அதுதான் மிச்சம். விவரித்துச் சொல்லி விற்கும் பொருள் அந்த விவரத்துக்கு ஒத்திருக்க வேண்டும் என்கிறது 1930ஆம் ஆண்டின் சரக்கு விற்பனைச் சட்டம். வெள்ளைக்காரன் காலத்தில் போட்டது, கம்ப்யூட்டரைப் பார்க்காத சட்டம். அதற்கே இது புரிகிறது. 2019ஆம் ஆண்டு நுகர்வோர் பாதுகாப்புச் சட்டம், பொருளைப் பொய்யாக விவரிப்பதைத் தவறாக வழிநடத்தும் விளம்பரம் என்கிறது. அதற்கு மத்திய நுகர்வோர் பாதுகாப்பு ஆணையம் பத்து லட்சம் ரூபாய் வரை அபராதம் போடலாம், திரும்பச் செய்தால் ஐம்பது லட்சம் வரை. விளம்பரத்தில் சொன்ன தன்மை இல்லாத பொருளைத் திரும்ப எடுக்க மாட்டேன் என்று விற்பனையாளர் சொல்லக் கூடாது என்பது 2020 விதி. அந்த விதியிலேயே உங்களுக்கும் வேலை இருக்கிறது: புகார் கிடைத்த 48 மணி நேரத்துக்குள் கிடைத்தது என்று சொல்ல வேண்டும், ஒரு மாதத்துக்குள் தீர்த்துவைக்க வேண்டும். "உங்களுக்கு ஏற்பட்ட சிரமத்துக்கு வருந்துகிறோம்" என்று நீங்கள் அனுப்பியது தீர்வு அல்ல. வருத்தம் எனக்கு ஏற்கெனவே போதுமான அளவு இருக்கிறது.

ஆகவே கேட்பது இது. 1,299 ரூபாயை நான் கட்டிய வழியிலேயே திருப்பி அனுப்புங்கள். உங்கள் பணப்பையில் வரவு வைத்துவிட்டு இன்னொரு படத்தை வாங்கச் சொல்ல வேண்டாம். அந்தப் படத்தைத் தளத்திலிருந்து எடுங்கள், அல்லது உங்கள் கிடங்கில் உள்ள துணியை ஒரு மனுஷிக்குப் போட்டுவிட்டு, போனில் எடுத்த படத்தையாவது போடுங்கள். இதில் எதுவும் முடியாதென்றால் இன்னொரு வழி இருக்கிறது. படத்தில் உள்ள அனார்கலியைத் தைத்து அனுப்புங்கள். அளவு மேலே இருக்கிறது: விளிம்பு 295 அங்குலம், முழு லைனிங், கையால் போட்ட ஆரி. ஜிப் வைக்க மறக்க வேண்டாம். 1,299க்கே வாங்கிக்கொள்கிறேன், வாக்கு மாற மாட்டேன்.

1915 என்ற நுகர்வோர் உதவி எண்ணில் புகாரைப் பதிந்துவிட்டேன். அங்கும் நகரவில்லையென்றால் ஈரோடு மாவட்ட நுகர்வோர் ஆணையம் இருக்கிறது. வாங்கியவர் குடியிருக்கும் ஊரிலேயே வழக்குப் போடலாம். ஐந்து லட்சம் ரூபாய்க்குள் கொடுத்து வாங்கிய பொருளுக்குக் கட்டணம் கிடையாது, வக்கீல் வைத்தாக வேண்டும் என்ற கட்டாயமும் இல்லை. இரண்டு வருடம் வரை அவகாசம் உண்டு. துணியைத் துவைக்காமல், பார்சல் உறையோடு பீரோவில் வைத்திருக்கிறேன். படத்தையும் விலையையும் 74 சதவீதத்தையும் ஸ்கிரீன்ஷாட் எடுத்து, தேதியோடு அச்செடுத்து வைத்திருக்கிறேன். நீங்கள் நாளைக்குப் படத்தை மாற்றினாலும் அது மாறாது.

பணம் என் கணக்கில் ஏறியதும் துணியை எடுத்துப் போக ஆள் அனுப்பலாம். அதே தம்பியையே அனுப்புங்கள். பொருந்தவில்லை என்று அவர் உண்மையைச் சொன்னதற்காக அவர் சம்பளத்தில் ஒரு ரூபாய் பிடித்தாலும் அதையும் இந்தப் புகாரில் சேர்த்துக்கொள்வேன்.

இப்படிக்கு,
1,299 ரூபாய் வர வேண்டிய வாடிக்கையாளர்,
ஈரோடு.